மெல்பேணில் ஞாயிறு, யாழ்ப்பாணத்தில் சனி: கூட்ட நேரத்தை எப்படிப் பதிவது

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு நான் செயலாளர். நிர்வாகக் குழுவில் பதினொரு பேர். ரொறன்ரோவில் என்னையும் சேர்த்து நால்வர், யாழ்ப்பாணத்தில் மூவர், லண்டனில் இருவர், மெல்பேணிலும் சிங்கப்பூரிலும் ஒவ்வொருவர். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை காணொளியில் கூடுவோம். கூட்டம் செல்லுபடியாக ஆறு பேராவது இருக்க வேண்டும் என்பது எங்கள் யாப்பில் உள்ள கோரம்.

2025 மார்ச் 15 சனிக்கிழமைக் கூட்டத்தில் பள்ளி நூலகத்துக்குக் கணினிகள் வாங்கப் பணம் விடுவிக்கும் தீர்மானத்தை எடுத்தோம். அன்று சரியாக ஆறு பேர்தான் இருந்தோம். வாக்கை வட்ஸ்அப் குழுவில் எழுதிப் பதிவு செய்தோம். கூட்டம் முடிய இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருக்கையில் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். "என்ன தம்பி, நாங்கள் வரமுதலே வாக்கெடுத்துப் போட்டியளோ?" என்று கேட்ட மூத்தவரின் குரலில் இருந்த வருத்தம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அவர்கள் பிந்தி வரவில்லை. நான் அனுப்பிய நினைவூட்டலில் இருந்த நேரத்துக்குத்தான் வந்திருந்தார்கள்.

நாலு வாரம் கழித்து, ஏப்ரல் 12ஆம் தேதிக் கூட்டத்தில், அதே தீர்மானம் பற்றி இன்னொரு கேள்வி எழுந்தது. கணக்குப் பார்க்கும் அண்ணை வட்ஸ்அப் பதிவை அச்செடுத்து வைத்திருந்தார். மெல்பேண் உறுப்பினரின் கைப்பேசியிலிருந்து எடுத்த அச்சு அது. அவருடைய வாக்கு 16/03/2025, அதிகாலை 12.45 என்று இருந்தது. "இப்ப அங்கை இரவு 11 மணி, இங்கை 6.30. நாலரை மணி வித்தியாசம். அப்ப அந்த வாக்கு எங்கடை நேரம் 8.15. கூட்டம் 8.05க்கு முடிஞ்சதெண்டு அறிக்கை சொல்லுது. முடிஞ்சாப் பிறகு விழுந்த வாக்கை எப்படிச் சேர்க்கிறது?" அந்த ஒரு வாக்கை எடுத்துவிட்டால் கோரம் இல்லை, தீர்மானமும் இல்லை.

இரண்டு சிக்கலும் ஒரே கூட்டத்தில் பிறந்தவைதான். ஆனால் இரண்டும் வேறு வேறு வகை. முதலாவது, நடக்கப்போகும் கூட்டத்தின் நேரத்தை எழுதுவதில் வந்த பிழை. இரண்டாவது, நடந்து முடிந்த கூட்டத்தின் நேரத்தைப் படிப்பதில் வந்த பிழை. இந்த இரண்டுக்கும் ஒரே முறை போதும் என்று நினைத்ததுதான் என் தவறு. அதை விளக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் மணிக்கூடுகள் எப்படி நகர்கின்றன என்று பார்ப்போம். இலங்கை உலகப் பொது நேரத்துக்கு, அதாவது யூடிசிக்கு, ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. சிங்கப்பூர் எட்டு மணி முன்னால். இந்த இரண்டு இடத்திலும் ஆண்டு முழுவதும் அதே கணக்குத்தான். மற்ற மூன்று இடங்களிலும் கோடை நேரம் உண்டு, கோடையில் மணிக்கூட்டை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பார்கள். ஆனால் மூன்றும் ஒரே நாளில் மாறுவதில்லை. ரொறன்ரோவில் மார்ச்சின் இரண்டாம் ஞாயிறு மணியை முன்னால் தள்ளுவார்கள். லண்டனில் மார்ச்சின் கடைசி ஞாயிறு. மெல்பேண் தென்கோளத்தில் இருப்பதால் அங்கே கோடை முடிகிறது, ஏப்ரலின் முதல் ஞாயிறு மணியைப் பின்னால் எடுப்பார்கள். 2025இல் அவை மார்ச் 9, மார்ச் 30, ஏப்ரல் 6. ஒரு மாதத்துக்குள் மூன்று மாற்றம்.

எங்கள் கூட்டம் யாழ்ப்பாணத்தில் மாலை 6.30, யூடிசியில் 13.00. மார்ச் 1ஆம் தேதி அது ரொறன்ரோவில் காலை 8, லண்டனில் பகல் 1, மெல்பேணில் நள்ளிரவு. மார்ச் 15இலும் 29இலும் ரொறன்ரோவுக்கு மட்டும் காலை 9 ஆகிவிட்டது, மற்றவர்களுக்கு மாற்றம் இல்லை. ஏப்ரல் 12இல் லண்டனுக்குப் பகல் 2, மெல்பேணுக்கு இரவு 11. ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் எப்போதும் ஐந்து மணி வித்தியாசம் என்றுதான் எல்லோரும் மனதில் வைத்திருக்கிறோம். மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரமும், அக்டோபர் முடிவில் ஒரு வாரமும் அது நாலு மணிதான்.

சரி, நான் அனுப்பிய நினைவூட்டலுக்கு வருவோம். அதில் "சனிக்கிழமை காலை 9 மணி EST" என்று எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்தவர்களுக்கு 6.30 மாறக்கூடாது என்று நினைத்து, என் சுவர் மணிக்கூட்டில் அது 9 என்று சரியாகத்தான் கணக்கிட்டேன். கடைசி மூன்று எழுத்தைப் பழக்கத்தில் போட்டுவிட்டேன். `EST` என்பது ரொறன்ரோவின் குளிர்கால நேரம், யூடிசிக்கு ஐந்து மணி பின்னால். மார்ச் 9க்குப் பிறகு ரொறன்ரோ `EDT` என்ற கோடை நேரத்துக்குப் போய்விடும், அது நாலு மணிதான் பின்னால். ரொறன்ரோவில் நாங்கள் யாரும் பேச்சில் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை, கோடையிலும் `EST` என்றே எழுதுகிறோம். ஆனால் நேரம் மாற்றித் தரும் இணையப் பக்கம் எழுதியதை எழுதியபடியே எடுத்துக்கொள்ளும். பனாமாவும் யமேக்காவும் ஆண்டு முழுவதும் அந்த நேரத்திலேயே இருப்பதால், அந்த மூன்றெழுத்துக்கு மார்ச்சிலும் பொருள் உண்டு. காலை 9 `EST` என்று கொடுத்தால் யூடிசி 14.00, யாழ்ப்பாணம் இரவு 7.30. நாங்கள்தான் நேரத்தை மாற்றியிருக்கிறோம் என்று நினைத்து அவர்கள் ஒழுங்காக 7.30க்கு வந்தார்கள். வாக்கெடுப்பு 7.15க்கு முடிந்துவிட்டது.

இந்த மூன்றெழுத்துச் சுருக்கங்களை அழைப்புகளில் போடவே கூடாது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். `IST` இந்தியாவுக்கும் உண்டு, இஸ்ரேலுக்கும் உண்டு, அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் உண்டு. `BST` லண்டன்காரருக்குக் கோடை நேரம், டாக்காவில் இருப்பவருக்கு வங்கதேச நேரம். `CST` சிகாகோவையும் குறிக்கும், சீனாவையும் குறிக்கும். லண்டன் உறுப்பினர்கள் ஜூலையிலும் `GMT` என்று எழுதுவதைப் பார்க்கிறேன். அதை அப்படியே எடுத்தால் ஒரு மணி பிழைக்கும்.

அதற்குப் பதில் ஊரின் பெயரை எழுதலாம். "யாழ்ப்பாண நேரம் மாலை 6.30" என்று சொன்னால் அதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. அந்த நாளில் யாழ்ப்பாணத்தின் சுவர் மணிக்கூடு என்ன காட்டுகிறதோ அதுதான் கூட்ட நேரம். மற்ற ஊர்களின் நேரத்தையும் கீழே தரலாம், தருவது நல்லதும்கூட. ஆனால் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எது செல்லும் என்று அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். நாங்கள் யாழ்ப்பாணத்தை நங்கூரமாக வைத்ததற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை. அங்கே கோடை நேரம் இல்லாததால் ஆண்டில் ஒருமுறையும் அது நகராது. நகரும் ஊரை நங்கூரமாக வைத்தால் நகராத ஊர்க்காரர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை அலைய வேண்டும். எங்கள் பழைய ஏற்பாட்டில் ரொறன்ரோவின் காலை 8 நங்கூரமாக இருந்தது. அதனால்தான் மார்ச்சில் எதை மாற்றுவது, எதை விடுவது என்ற கணக்கு என் தலையில் வந்து விழுந்தது.

அழைப்பில் கிழமை, தேதி பற்றியும் ஒரு சொல். மெல்பேண் தங்கைக்கு நான் பல மாதம் "சனிக்கிழமை இரவு 12 மணி" என்றே எழுதி வந்தேன். நம் பேச்சில் அது சனிக்கிழமை சாப்பிட்ட பிறகு, தூங்கப்போகும் முன் வரும் பன்னிரண்டு. பஞ்சாங்கத்திலும் நாள் சூரிய உதயத்தோடுதான் தொடங்குகிறது, ஆகவே நள்ளிரவு முந்திய நாளோடு சேர்ந்தது. கணினிக்கு அப்படி இல்லை. அதற்கு 00:00 என்பது புதிய நாளின் முதல் நிமிடம், அதாவது ஞாயிறு. சனிக்கிழமை 12.00 ஏஎம் என்று அவர் தன் கலண்டரில் போட்டபோது அது வெள்ளிக்கிழமை இரவில் போய் உட்கார்ந்தது. ஒரு முழு நாள் முன்னால். இப்போது அவருக்கு எழுதும்போது "சனிக்கிழமை இரவு 11.59 கழிந்து, ஞாயிறு 16ஆம் தேதி 00.00" என்று நீட்டித்தான் எழுதுகிறேன். வேட்புமனு முடிவு நாள் போன்றவற்றுக்கு நள்ளிரவு என்ற சொல்லையே எடுத்துவிட்டு, "31ஆம் தேதி யாழ்ப்பாண நேரம் 23.59" என்று போடுகிறோம்.

கலண்டரில் சேமிக்கும்போதும் இதே வித்தியாசம் உள்ளே இருக்கிறது. கலண்டர் அழைப்புகள் ஐகலண்டர் என்ற பொது வடிவத்தில் பரிமாறப்படுகின்றன. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால், கூட்டம் தொடங்கும் நேரம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒரு வகையில் இருக்கும்.

```
DTSTART;TZID=Asia/Colombo:20250315T183000
DTSTART:20250315T130000Z
```

முதல் வரி, கொழும்பு நேர விதிப்படி 18.30 என்கிறது. இரண்டாம் வரி யூடிசியில் 13.00 என்கிறது, கடைசி `Z` எழுத்துக்கு அதுதான் பொருள். இன்று இரண்டும் ஒரே கணத்தைத்தான் குறிக்கின்றன. `Asia/Colombo`, `America/Toronto`, `Australia/Melbourne` போன்ற பெயர்கள் ஐயானா என்ற அனைத்துலக இணைய அமைப்பு பராமரிக்கும் நேர வலயத் தரவுத்தளத்தில் உள்ளவை. எந்த ஊரில் எந்தத் தேதியில் மணிக்கூடு எப்படி இருந்தது, இனி எப்போது மாறும் என்ற விதிகள் அதில் இருக்கின்றன. நம் கைப்பேசிகளும் கணினிகளும் பெரும்பாலும் இதையே வைத்துக் கணக்கிடுகின்றன. இலங்கை முழுவதற்கும் அதில் கொழும்பின் பெயர்தான் உண்டு, ஆகவே யாழ்ப்பாணத்துக்கும் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லா நேரத்தையும் யூடிசியில் சேமித்துவிட்டால் பிரச்சினையே இல்லை என்று கணினித் துறையில் உள்ள நண்பர்கள் சொல்வார்கள். நடந்து முடிந்ததற்கு அது சரி. நடக்கப்போவதற்குச் சரியில்லை. "யாழ்ப்பாணத்தில் மாலை 6.30க்குக் கூடுவோம்" என்பதுதான் நாங்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு. யூடிசி 13.00 என்பது இன்றைய விதிப்படி அதிலிருந்து பெறப்பட்ட கணக்கு மட்டும். நாளை அரசாங்கம் மணிக்கூட்டை மாற்றினால் வாக்கு அப்படியே நிற்கும், கணக்குத்தான் மாறும். யூடிசியை மட்டும் சேமித்து வைத்தவருக்கு முதலில் சொன்ன வாக்கு என்னவென்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

அரசாங்கம் அப்படித் திடீரென்று மாற்றுமா? மாற்றியிருக்கிறது. லெபனானில் 2023 மார்ச்சில், கோடை நேரம் தொடங்க மூன்று நாள் இருக்கையில் அதை ஏப்ரலுக்குத் தள்ளிவைப்பதாக அரசு அறிவித்தது. ஒரு பகுதி மக்கள் அதை ஏற்கவில்லை. சில நாள் ஒரே ஊரில் இரண்டு நேரம் ஓடியது, பிறகு அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. நமக்கு அதைவிட நெருக்கமான உதாரணம் இலங்கைதான். 1996இல் மழை பொய்த்து மின்சாரம் தட்டுப்பட்டபோது, மே 25ஆம் தேதி மணிக்கூடுகளை ஒரு மணி முன்னால் தள்ளினார்கள். யூடிசிக்கு ஆறரை மணி முன்னால் ஆனது. அக்டோபர் 26ஆம் தேதி அரை மணி பின்னால் எடுத்து ஆறு ஆக்கினார்கள். 2006 ஏப்ரல் 15 சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மறுபடி ஐந்தரைக்கு வந்தது. இடைப்பட்ட அந்தப் பத்து வருடமும் வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய ஐந்தரைக் கணக்கையே வைத்திருந்தார்கள். சோதனைச் சாவடியின் இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் அரை மணி வேறு நேரம்.

பழைய பதிவேடுகளைப் பார்ப்பவர்களுக்கு இது வெறும் வரலாறு இல்லை. சங்கத்தின் 2001ஆம் ஆண்டு ஏட்டில், கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் தொலைபேசியில் கூடிய ஒரு கூட்டம் "இரவு 7 மணி" என்று இருக்கிறது. அது கொழும்பில் எழுதப்பட்ட ஏடு. இன்றைய ஐந்தரைக் கணக்கில் அது யூடிசி 13.30 ஆகும், அன்றைய ஆறு மணிக் கணக்கில் 13.00. இந்திய நேரமும் இலங்கை நேரமும் ஒன்றுதானே என்று கைப்பேசியில் `Asia/Kolkata` தேர்ந்தெடுத்துப் பார்த்தால் அரை மணி பிழைக்கும். இன்றைக்கு ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு பெயர்களுக்கும் கடந்த காலம் வேறு வேறு. ஊர்ப் பெயரைச் சரியாகப் போடுவதன் பயன் இங்கேதான் தெரிகிறது.

இனி கணக்குப் பார்த்த அண்ணையின் கேள்வி. அவர் கூட்டல் கழித்தலில் பிழைவிடவில்லை. நாலரை மணி வித்தியாசம் என்பது ஏப்ரல் 12க்கு முழுக்கச் சரி. ஆனால் வாக்கு விழுந்தது மார்ச்சில். அப்போது மெல்பேணில் இன்னும் கோடை நேரம், யூடிசிக்குப் பதினொரு மணி முன்னால், யாழ்ப்பாணத்துக்கு ஐந்தரை மணி முன்னால். ஞாயிறு அதிகாலை 12.45இலிருந்து ஐந்தரையைக் கழித்தால் சனிக்கிழமை இரவு 7.15. யூடிசியில் 13.45. அதே வாக்கெடுப்பை நான் ரொறன்ரோவிலிருந்து "காலை 9.45" என்று குறித்து வைத்திருந்தேன், அதில் நாலு மணியைக் கூட்டினாலும் 13.45தான். மூன்று தாளில் மூன்று நேரம், இரண்டு தேதி, ஆனால் ஒரே நிமிடம்.

நேரத்தை மாற்றிப் பார்க்கும்போது இந்தத் தவறு எவ்வளவு எளிதில் வருகிறது என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். "அங்கே இப்போது எத்தனை மணி?" என்று கேட்டு வித்தியாசத்தைப் பிடிப்பது இயல்பான வழி. அது இன்றைய வித்தியாசத்தை மட்டும் சொல்லும். பழைய நிகழ்வுக்கு அந்த நாளின் வித்தியாசம் வேண்டும். தேதியையும் சேர்த்துக் கேட்கும் நேர மாற்றிப் பக்கங்களை மட்டும் பயன்படுத்த வேண்டும். தேதி கேட்காமல் மணியை மட்டும் கேட்கிற பக்கம் இந்த வேலைக்கு உதவாது.

அண்ணைக்கு இந்தச் சங்கடம் வந்ததற்கு முழுப் பொறுப்பும் என் கூட்ட அறிக்கைதான். நான் எழுதியது இவ்வளவுதான்: "கூட்டம் 6.34க்குத் தொடங்கி 8.05க்கு முடிந்தது. வாக்கெடுப்பு 9.45." முதல் இரண்டும் யாழ்ப்பாண நேரம், மூன்றாவது ரொறன்ரோ நேரம். எழுதும்போது எனக்கு அது விளங்கியது. படிப்பவர்களுக்கு விளங்க எந்த வழியும் இல்லை. இப்போது அறிக்கையின் தலைப்பில் இப்படி எழுதுகிறோம்.

```
நங்கூர ஊர்: யாழ்ப்பாணம் (Asia/Colombo)
தொடக்கம்: 2025-03-15T18:34+05:30
வாக்கு:   2025-03-15T19:15+05:30
முடிவு:   2025-03-15T20:05+05:30
```

இது ஐஎஸ்ஓ 8601 என்ற அனைத்துலகத் தர வடிவம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை, நடுவில் `T`, பிறகு இருபத்துநாலு மணிக் கணக்கில் நேரம், கடைசியில் யூடிசியிலிருந்து எவ்வளவு முன்னால் என்பது. 03/04 என்று எழுதினால் அது மார்ச் 4ஆ ஏப்ரல் 3ஆ என்ற குழப்பம் வடஅமெரிக்காவில் இருப்பவர்களோடு எழுதும்போது எப்போதும் வரும், அதுவும் இதில் தீர்ந்துவிடுகிறது. கடைசியில் உள்ள `+05:30`தான் முக்கியம். கூட்டம் நடந்துவிட்டது, அந்தக் கணம் இனி மாறாது. எதிர்காலத்தில் எந்த அரசாங்கம் மணிக்கூட்டை எப்படி மாற்றினாலும் இந்த வரியின் பொருள் அப்படியே இருக்கும். எதிர்காலத்துக்கு ஊரும் சுவர் மணிக்கூடும். கடந்ததற்கு யூடிசி வித்தியாசத்தோடு சேர்ந்த நேரம். இரண்டுக்கும் வேறு முறை வேண்டும் என்று முதலில் சொன்னது இதைத்தான்.

இடையில் வருகிறவர், போகிறவர் நேரத்தையும் இதே நங்கூர நேரத்தில்தான் எழுத வேண்டும். அறிக்கை எழுதுகிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் மேசையில் ஒரு மணிக்கூட்டை யாழ்ப்பாண நேரத்துக்கு வைத்துக்கொள்வது எளிது. கைப்பேசியின் உலக மணிக்கூட்டில் கொழும்பைச் சேர்த்தால் போதும். கூட்டம் முடிந்தபிறகு மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி மாறும், பாதி மாறாது. என் அறிக்கைக்கு நடந்தது அதுதான்.

அறிக்கைக்கு ஆதாரமாக எடுக்கும் கணினிப் பதிவுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்தால், எந்தக் கைப்பேசியிலிருந்து எடுக்கிறோமோ அந்தக் கைப்பேசியின் நேரத்தில்தான் வரும். எந்த நேர வலயம் என்ற குறிப்பு அதில் எங்கும் இருக்காது. ஆகவே யாருடைய கைப்பேசி, அவர் எந்த ஊரில் இருந்தார் என்று அச்சின் மேல் கையால் எழுதி வைக்க வேண்டும். சூம் கூட்டத்தை மேகத்தில் பதிவு செய்தால் கோப்பின் பெயர் `GMT20250315-130410` என்று தொடங்கும், அது யூடிசி நேரம். அதே கூட்டத்தைச் சொந்தக் கணினியில் பதிவு செய்தால் கோப்புறையின் பெயரில் அந்தக் கணினியின் உள்ளூர் நேரம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டு வெவ்வேறு கூட்டம் என்று நினைத்தவர்கள் உண்டு.

பிழை எங்கே என்று தேடும்போது, எவ்வளவு பிழைக்கிறது என்பதே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு பதிவுகளுக்கு இடையில் சரியாக ஒரு மணி வித்தியாசம் என்றால் கோடை நேரத்தைச் சந்தேகிக்கலாம். எங்கள் இரண்டு சிக்கலிலும் அந்த ஒரு மணிதான் இருந்தது. அரை மணி என்றால் யாரோ இலங்கையையோ இந்தியாவையோ முழு மணியாகக் கணக்கிட்டிருக்கிறார், அல்லது 1996 அக்டோபருக்கும் 2006க்கும் இடைப்பட்ட இலங்கை நேரத்தை இன்றைய கணக்கில் படித்திருக்கிறார். சரியாக ஐந்தரை மணி என்றால் யூடிசியை யாழ்ப்பாண நேரமாகவோ, மறுபக்கமாகவோ எடுத்திருக்கிறார்கள். மெல்பேணுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கோடையில் அதே ஐந்தரை என்பதால் அந்த இரண்டையும் மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணியென்றால் காலை மாலைக் குழப்பம். ஒரு நாள் முழுதாக வித்தியாசப்பட்டால் நள்ளிரவு. ஏழு நிமிடம், பதின்மூன்று நிமிடம் என்று உருப்படியில்லாத வித்தியாசம் வந்தால் அது நேர வலயச் சிக்கலே இல்லை, யாரோ உண்மையில் பிந்திக் குறித்திருக்கிறார்கள்.

சங்கம்தானே, இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். கம்பனிகளில் இதற்குச் சட்டமே இருக்கிறது. இந்தியாவில் இயக்குநர் குழு காணொளியில் கூடும்போது, தலைவர் ஒவ்வொருவரையும் பெயரும் எந்த இடத்திலிருந்து கலந்துகொள்கிறார் என்பதும் சொல்லச் சொல்ல வேண்டும். யார் எங்கே இருந்தாலும், அழைப்பில் குறித்த இடம்தான் கூட்டம் நடந்த இடமாகக் கருதப்படும். நாங்கள் நங்கூர ஊர் என்று சொல்வதைத்தான் சட்டம் தன் மொழியில் சொல்கிறது. கூட்டம் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் அறிக்கையில் இருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. பங்குச் சந்தையில் உள்ள கம்பனி, சந்தை நடக்கும் வேளையில் குழுக் கூட்டத்தை முடித்தால் சில முடிவுகளை முடிந்த முப்பது நிமிடத்துக்குள் சந்தைக்கு அறிவித்தாக வேண்டும். அங்கே சிங்கப்பூரில் இருக்கும் இயக்குநர் தன் மணிக்கூட்டைப் பார்த்து முடிவு நேரத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் தீர்மானம் நின்றது. அண்ணையிடம் மார்ச் மாதக் கணக்கை எழுதிக் காட்டினேன், அவரே இன்னொருமுறை கூட்டிப் பார்த்துக் கையெழுத்திட்டார். பழைய அறிக்கையை அழிக்கவில்லை. அதன் கீழே திருத்தக் குறிப்பாக, எந்த எண் எந்த ஊரின் நேரம் என்று எழுதி, திருத்திய தேதியையும் போட்டோம். 7.30க்கு வந்த இருவரின் எதிர்ப்பையும், அதற்குக் காரணம் அழைப்பில் இருந்த பிழை என்பதையும் அதே பக்கத்தில் பதிந்தோம். அவர்களுக்கு அது கிடைக்க வேண்டியது.

அதே ஆண்டு அக்டோபரில் எல்லாம் எதிர்த்திசையில் மறுபடி வந்தது. மெல்பேண் 5ஆம் தேதி முன்னால் போனது, லண்டன் 26ஆம் தேதி பின்னால் வந்தது, ரொறன்ரோ மாற நவம்பர் 2 வரை இருந்தது. இடையில் நவம்பர் 1 சனிக்கிழமை எங்கள் கூட்டம். ரொறன்ரோவுக்குக் காலை 9, லண்டனுக்குப் பகல் 1, மெல்பேணுக்கு நவம்பர் 2 ஞாயிறு 00.00, மார்ச் 15இல் இருந்த அதே நிலை. அழைப்பில் "யாழ்ப்பாண நேரம் மாலை 6.30" என்று மேலே பெரிதாகவும், மற்ற ஊர்களின் நேரத்தைத் தேதியோடு கீழேயும் போட்டு அனுப்பினேன். யாழ்ப்பாணத்து மூவரும் 6.28க்கே உள்ளே இருந்தார்கள்.